கருமேகத்தின் மறுபக்கம்

கேள்வி: மேகம் மேல் பக்கம் வெள்ளையாகவும் அடிப்பக்கம் சாம்பல் நிறமாகவும் தெரிவது ஏன்? மழை மேகம் மட்டும் ரொம்பக் கறுப்பாக இருக்கிறதே, அதில் தண்ணீர் நிறைய இருப்பதாலா?

தண்ணீரின் அளவிலிருந்தே தொடங்கிவிடலாம். பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் அதுதான்.

இடியோடு வரும் பெரிய மேகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து உச்சிவரை 10 கிலோமீட்டர் உயரம். அதனுள் ஒரு கன மீட்டருக்குச் சராசரியாக ஒரு கிராம் நீர் துளிகளாக மிதக்கிறது என்று வைப்போம். இடிமேகத்துக்கு இது நியாயமான அளவு. அப்படியானால் உங்கள் தலைக்கு மேல் ஒரு சதுர மீட்டர் பரப்பில் எழும்பி நிற்கும் 10,000 மீட்டர் தூணில் இருப்பது மொத்தம் 10,000 கிராம், அதாவது 10 லிட்டர். அதே ஒரு சதுர மீட்டரில் அதைப் பரப்பினால் 10 மில்லிமீட்டர் ஆழம்தான் நிற்கும். ஒரு கண்ணாடித் தம்ளரில் அந்த ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி மேலிருந்து பாருங்கள். அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து பிசிறில்லாமல் தெரியும். நம் கண்ணுக்குத் தெரியும் பச்சை ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட அந்தத் தண்ணீர் விழுங்குவதில்லை.

(இவ்வளவு கொஞ்சமாக நீர் வைத்திருக்கும் மேகம் எப்படி ஒரே மாலையில் 60, 70 மில்லிமீட்டர் கொட்டுகிறது என்று தோன்றும். மேகத்தை நிரப்பிவைத்த தொட்டியாக நினைப்பதால் வரும் குழப்பம் அது. அடியிலிருந்து ஈரக்காற்றை ஏற்றிக்கொண்டே, ஏறியதை மழையாக இறக்கிக்கொண்டே இருப்பதுதான் இடிமேகம். எந்த நொடியிலும் உள்ளே மிதப்பது சிறு கையிருப்பு மட்டுமே.)

ஆகவே தண்ணீர் ஒளியைக் குடிப்பதால் கருமை வருகிறது என்ற விளக்கம் நிற்காது. அந்த 10 மில்லிமீட்டர் நீர் எப்படித் துணுக்குத் துணுக்காகப் பிரிந்து கிடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கற்கண்டுக் கட்டி கண்ணாடிபோல இருக்கும். அதையே இடித்துப் பொடியாக்கினால் சுத்தமான வெள்ளையாகிவிடும். பொருள் மாறவில்லை, ஒளி மோதித் திரும்புவதற்கான பரப்புகள்தான் கோடிக்கணக்கில் பெருகியிருக்கின்றன.

மேகத் துளியின் ஆரம் பொதுவாக 10 மைக்ரான் அளவில் இருக்கும். விட்டம் 20 மைக்ரான், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான்வரை. அலைநீளத்தைவிடத் துளி இவ்வளவு பெரிதாக இருக்கும்போது அது நீலம், பச்சை, சிவப்பு என்று பாகுபாடு பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் சிதறடிக்கிறது. அலைநீளத்தைவிட மிகச் சிறிய காற்று மூலக்கூறுகள்தான் நீலத்தை அதிகமாகச் சிதறடித்து வானத்தை நீலமாக்குகின்றன. உருண்டையான துளி ஒளியை எந்தத் திசையில் எவ்வளவு சிதறடிக்கும் என்பதற்கு முழுக் கணக்கையும் 1908-இல் எழுதி வெளியிட்டவர் ஜெர்மானிய இயற்பியலாளர் குஸ்டாவ் மீ. எல்லா நிறமும் சமமாகத் திரும்பி வந்தால் அது வெள்ளை. எல்லா நிறமும் சமமாக, ஆனால் குறைவாக வந்தால் அது சாம்பல். சாம்பல் என்பது தனி நிறமே இல்லை, வெளிச்சம் குறைந்த வெள்ளை. மேகத்தின் மேற்புறத்துக்கும் அடிப்புறத்துக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுதான்.

அந்தக் குறைவு எப்படி வருகிறது? மேகத்துக்குள் புகும் ஒரு ஒளிக்கதிரைப் பின்தொடர்ந்து போவோம். சாதாரணத் தாழ்ந்த மேகத்தில் கன மீட்டருக்கு 0.3 கிராம் நீர் இருக்கும். 10 மைக்ரான் துளிகளாக இருந்தால், கதிர் சராசரியாக 22 மீட்டர் போனதுமே ஒரு துளியில் மோதும். கொடைக்கானலிலோ ஊட்டியிலோ மூடுபனியில் வண்டி ஓட்டியவர்களுக்கு இந்த எண் உடம்பில் தெரியும். தரையைத் தொட்ட மேகம்தான் அது. மோதிய கதிர் பெரும்பாலும் பின்னால் திரும்புவதில்லை. சற்றே விலகி, முன்னோக்கியே போகிறது. அடுத்த துளியில் இன்னும் கொஞ்சம் விலகுகிறது. ஏழெட்டு மோதல்களுக்குப் பிறகு தான் எந்தத் திசையிலிருந்து வந்தோம் என்பதே அதற்கு மறந்துபோகிறது. அதன்பின் அது மேலே போகும், கீழே போகும், பக்கவாட்டில் அலையும். மேல் விளிம்பை முதலில் எட்டினால் வானுக்குத் திரும்பிவிடும், அடி விளிம்பை எட்டினால் நம்மிடம் வரும்.

உள்ளே நுழைந்த இடம் மேல் விளிம்பு என்பதால், திசை மறந்து அலையத் தொடங்கும்போதும் கதிர் மேல் விளிம்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேகம் மெல்லியதாக இருந்தால் அடிவிளிம்பும் கிட்டத்தில்தான், நிறையக் கதிர்கள் கீழே தப்பிவிடும். மேகம் தடியாக ஆக, அடிவரை அலைந்து வந்து சேரும் கதிர்கள் குறைந்துகொண்டே போகும். வழியில் எதுவும் தொலைவதில்லை. கீழே வராதவை எல்லாம் மேலே போயிருக்கின்றன. அடி இருண்டிருக்கும் அளவுக்கு உச்சி பிரகாசமாக இருக்கும். இரண்டும் ஒரே கணக்கின் வரவும் செலவும்.

இதைத் தோராயமாக எண்ணில் போட ஒரு எளிய சூத்திரம் உண்டு. மேகத்தை நேராகத் துளைத்துச் செல்ல முயலும் கதிர் சராசரியாக எத்தனை துளிகளில் மோத வேண்டியிருக்கும் என்பதை ஒளியியல் தடிமன் என்பார்கள், குறியீடு τ. பக்கவாட்டில் பரந்து கிடக்கும் மேகமாக இருந்தால்,

கீழே வரும் பங்கு = 2 / (2 + 0.15 × τ)

அந்த 0.15 ஏன் என்றால், மோதல்கள் பெரும்பாலும் முன்னோக்கியே தள்ளுவதால் ஒவ்வொரு மோதலும் முழு மோதலாகக் கணக்கில் சேர்வதில்லை.

வெயில் நாளில் மிதக்கும் 300 மீட்டர் தடிமனுள்ள திட்டு மேகத்தில், கன மீட்டருக்கு 0.2 கிராம் நீர் இருந்தால், τ சுமார் 9. சூத்திரத்தில் போட்டால் 60 விழுக்காடு ஒளி அடியில் இறங்கிவிடுகிறது. அதனால்தான் அவற்றின் அடி இலேசான சாம்பலோடு நின்றுவிடுகிறது. வானம் முழுக்க மூடிய 500 மீட்டர் தாழ்மேகத்துக்கு τ ஏறத்தாழ 22. கீழே வருவது 37 விழுக்காடு. மப்பு நாள், ஆனால் விளக்குப் போடாமல் படிக்கலாம். முதலில் சொன்ன 10 கிலோமீட்டர் இடிமேகத்துக்கு வருவோம். எல்லாமே 10 மைக்ரான் துளிகள் என்று கொண்டால் τ 1,500. கீழே வருவது 0.9 விழுக்காடு. உண்மையில் சுமார் 5 கிலோமீட்டருக்கு மேலே வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடுவதால், மேல் பாதியில் துளிகளைவிடப் பெரிய பனித்துணுக்குகள் நிறைய இருக்கும்; பெரியவை என்றால் எண்ணிக்கை குறைவு, மோதலும் குறைவு. அதற்காக τ-ஐ 500-க்குத் தளர்த்தினாலும் கீழே வருவது 3 விழுக்காட்டுக்குள்தான்.

மீதி 97 முதல் 99 விழுக்காடு எங்கே? இன்சாட்-3டிஆர் போன்ற செயற்கைக்கோள்கள் பகலில் எடுக்கும் கட்புல ஒளிப் படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தப் படத்தில் கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக இருக்கும் இடம் எதுவோ, அதன் கீழே நிற்பவர்களுக்கு அந்த நேரத்தில் வானம் மிகவும் கறுத்திருக்கும். மெல்லிய மேகங்கள் படத்தில் மங்கலாக, அடியிலுள்ள நிலமோ கடலோ தெரியும்படி இருக்கும். விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கும் இது புதிதில்லை: ஓடுதளத்தில் நிற்கையில் தலைக்கு மேல் கறுப்பாக இருந்த அதே மேகம், துளைத்து மேலே வந்ததும் கண் கூசும் வெண்மையாகிவிடுகிறது.

இதுவரை சூரியன் உச்சியில் இருப்பதாகவே பேசினோம். "மேல் வெள்ளை, அடி கறுப்பு" என்பது உச்சி வெயிலில் மட்டும் சரி. பொதுவாகச் சொல்ல வேண்டுமானால், சூரியன் பார்க்கும் பக்கம் வெள்ளை, சூரியனுக்கு முதுகு காட்டும் பக்கம் கறுப்பு. சூரியன் சரியச் சரிய இந்த இரண்டு பக்கங்களும் மேகத்தைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருக்கும். அஸ்தமன நேரத்தில் சூரியன் மேகத்தின் அடிக்கும் கீழே இறங்கியபிறகு அடிப்பக்கம்தான் வெளிச்சமாகி, செக்கச்செவேலென்று தெரியும். அப்போது உச்சி கூடச் சாம்பலாகத் தெரிவதுண்டு.

சென்னைக்காரர்களுக்கு இதற்கு நல்ல உதாரணம் ஜூன் முதல் செப்டம்பர்வரையிலான மாலை மழை. பகலில் உள்நிலம் 35, 36 டிகிரிக்குக் கொதிக்கும். மதியத்தை ஒட்டிக் கடல்காற்று நுழைந்து மேற்கே தள்ளிக்கொண்டு போகும். உள்நாட்டின் சூடான மேற்குக் காற்று வீச்சும் இந்த ஈரமான கடல்காற்றும் முட்டிக்கொள்ளும் பகுதிகளில், வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பக்கம், பிற்பகலில் இடிமேகங்கள் எழும்பும். கீழ், நடு உயரங்களில் இந்தப் பருவத்துக் காற்று மேற்கிலிருந்து வீசுவதால் அவை கடற்கரையை நோக்கி நகரும். தரையில் 35 டிகிரி, அந்தக் காற்றிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும் பனிநிலை வெப்பம் 25 டிகிரி என்றால் மேகத்தின் அடி சுமார் 1,250 மீட்டர் உயரத்தில் இருக்கும். வேறுபாட்டில் ஒவ்வொரு டிகிரிக்கும் 125 மீட்டர் என்பது கணக்கு. அந்த உயரத்தில்தான் மேலேறும் காற்றில் நீராவி துளியாகத் தொடங்குகிறது. மேகத்தின் அடி இழைத்துவிட்டதுபோலத் தட்டையாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

மாலை 5 மணிக்கு அப்படி ஒரு மேகம் காஞ்சிபுரத்துக்கு மேல் நிற்கிறது என்று வைப்போம். சென்னையும் வேலூரும் அங்கிருந்து ஏறக்குறைய சம தூரம், ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. சூரியன் மேற்கில், அடிவானத்திலிருந்து 20 டிகிரி உயரத்தில். சென்னையில் மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்ப்பவருக்கு, மேகம் சூரியனுக்கும் தனக்கும் நடுவில் இருக்கிறது. அவர் பார்ப்பது அடிப்பக்கம் மட்டுமல்ல, நிழல் விழுந்த கிழக்குச் சுவரையும் சேர்த்து. உள்ளே புகுந்த ஒளி முழு மேகத்தின் அகலத்தையும் கடந்துதான் அவரை எட்ட வேண்டும். ஆகவே கரு நீலமாய் ஒரு மதில் எழும்பி வருவதுபோலத் தெரிகிறது. விளிம்பில் மட்டும் ஒரு வெள்ளிக்கோடு. அங்கே மேகம் மெல்லியது, சில மோதல்களிலேயே ஒளி முன்னோக்கித் தப்பிவிடுகிறது. அதே நொடியில் வேலூரிலிருந்து கிழக்கே பார்ப்பவருக்குச் சூரியன் முதுகுப் பக்கம். அவருக்கு அதே மேகம் வெள்ளை வெளேரென்று, குமிழ் குமிழாகத் தெரியும். மழை வரப்போகிறது என்று சென்னையில் துணி எடுக்க ஓடிக்கொண்டிருக்க, வேலூரில் அதே மேகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

இதில் ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து பலமாக வீசும். மேகம் முற்றி அதன் தலை பட்டடைபோல விரியத் தொடங்கினால், அந்த விரிப்பு மேற்கே, வேலூர்ப் பக்கமே நீளும். சற்று நேரத்தில் வேலூர்க்காரரின் வெயிலும் போய்விடும். மேலே சொன்ன காட்சி மேகம் கோபுரமாக எழும்பி, தலை இன்னும் அகலமாக விரியாத அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் பொருந்தும்.

வடகிழக்குப் பருவமழையில் கதை தலைகீழ். அக்டோபர் முதல் டிசம்பர்வரை மேகங்கள் கடலிலிருந்து, கிழக்கிலிருந்து வருகின்றன. காலையில் சூரியனும் கிழக்கில் என்பதால் வரும் மேகம் கறுத்துத் தெரியும். பிற்பகலில் சூரியன் மேற்கே போனபின், கடலிலிருந்து வரும் தனி மேகம் வெயிலை நேரே வாங்கி வெளுப்பாகத் தெரியும். வெள்ளை மேகம்தானே என்று குடை எடுக்காமல் போனவர்களை நனைத்துவிட்டுப் போவது இந்தப் பிற்பகல் மேகங்களே. தலைக்கு மேல் வந்தபிறகுதான் அதன் நிழல் பக்கம் தெரியும், அதற்குள் தூறல் தொடங்கியிருக்கும்.

மேகம் எவ்வளவு கறுப்பு என்று சொல்வதில் நம் கண்ணுக்கும் பெரிய பங்கு உண்டு. நண்பகல் வெயிலில் தரையில் விழும் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். அதில் 0.9 விழுக்காடு 900 லக்ஸ். டியூப் லைட் போட்ட நம் வீட்டுக் கூடத்தில் இருப்பது 200, 300 லக்ஸ்தான். கணக்கிட்டுப் பார்த்தால், கூடத்தில் மேஜை மேல் கிடக்கும் வெள்ளைத் தாளைவிட அந்தக் "கறுத்த" மேகத்தின் அடி ஏறத்தாழ நான்கு மடங்கு பிரகாசம். மாலை 5 மணிக்கு வெயில் மூன்றில் ஒன்றாகக் குறைந்திருக்கும், கீழே வருவது 300 லக்ஸ் அளவுக்கு இறங்கும், வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு போகும். அப்போதும் மேகத்தின் அடி அந்த வெள்ளைத் தாளுக்குக் குறைந்ததல்ல. பிறகு ஏன் கறுப்பாகத் தெரிகிறது? பக்கத்திலேயே வெயில் பட்ட மேகமோ வெளுத்த வானமோ அதைவிடப் பல பத்து மடங்கு பிரகாசமாக நிற்பதால். அச்சடித்த மைக்கும் தாளுக்கும் உள்ள பிரகாச வேறுபாடே ஏறத்தாழ இருபது மடங்குதான். கண் எப்போதும் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டே நிறத்தைத் தீர்மானிக்கிறது.

சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி, பிரகாசமான வானம் எதுவும் உள்ளே வராதபடி கருமேகத்தின் நடுப்பகுதியை மட்டும் அதன் வழியே அரை நிமிடம் பாருங்கள் (சூரியன் இருக்கும் திசையைத் தவிர்த்துவிட்டு). கறுப்பு மெல்ல மெல்ல வெளுத்து இளஞ்சாம்பலாகும். கைபேசிக் கேமராவும் இதையே காட்டும். திரையில் மேகத்தின் அடியைத் தொட்டு அதற்கேற்ப வெளிச்சத்தை அமைத்தால் அடி சாதாரண வெண்சாம்பலாக வரும், சுற்றியுள்ள வானம் முழுதும் வெளுத்துப்போகும். வெளுத்த வானத்தைத் தொட்டால் மேகம் மசியாகிவிடும். செய்திகளில் வரும் பயமுறுத்தும் மேகப் படங்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது வகை என்பது என் ஊகம்.

அடியின் வெளிச்சத்துக்கு இன்னொரு சிறிய வரவும் உண்டு: தரையிலிருந்து எதிரொளித்துத் திரும்பி ஏறும் ஒளி. வெயில் நாளின் திட்டு மேகத்துக்கு இது கணிசமானது, ஏனென்றால் அதைச் சுற்றியுள்ள தரையில் வெயில் அடிக்கிறது. பல பத்துக் கிலோமீட்டர் பரந்த இடிமேகத்துக்குக் கீழே தரையும் இருட்டு, அதனால் திரும்பி ஏற எதுவும் இல்லை. பக்கவாட்டிலிருந்து கசியும் ஒளியும் அவ்வளவு தூரம் உள்ளே வருவதில்லை. மழை மேகம் மற்றவற்றைவிடக் கூடுதலாக இருளுவதற்கு அதன் உயரத்தோடு இந்த அகலமும் சேர்ந்துகொள்கிறது. துருவக் கடல்களில் போன மாலுமிகள் இந்தத் தரை எதிரொளியை வழிகாட்டியாகவே பயன்படுத்தினார்கள். மேகத்தின் அடி வெளுத்திருந்தால் அதன் கீழே பனிப்பாளம், கறுத்திருந்தால் திறந்த நீர். கப்பலை அந்தப் பக்கம் திருப்பலாம்.

கரு நீலம் என்று சொன்னேனே, அந்த நீலத்துக்கும் ஒரு சொல். தண்ணீர் ஒளியை விழுங்குவதில்லை என்றது பச்சை, நீலத்துக்கு நன்றாகப் பொருந்தும். சிவப்பை அது சற்றே விழுங்கும். மெல்லிய மேகத்தில் இது தெரியாது. இடிமேகத்தில் கதிர் நேர்வழியில் வராமல் சுற்றிச் சுற்றி அலைந்து வருவதால், துளிகளுக்குள் அது கடக்கும் மொத்தத் தண்ணீர் 10 மில்லிமீட்டரைப் போலப் பல பத்து மடங்காகிறது. அந்த நீண்ட அலைச்சலில் சிவப்பு கொஞ்சம் தேய்ந்து நீலச்சாயல் மிஞ்சுகிறது. மேகத்துக்கும் நமக்கும் நடுவிலுள்ள காற்று சிதறடிக்கும் நீலமும் அதோடு சேர்கிறது. ஆக, தண்ணீர் விழுங்குவது மேகத்தின் சாயலைக் கொஞ்சம் மாற்றுகிறது. இருட்டுக்கு அது காரணமில்லை.

இனி, கறுத்தால் மழை நிச்சயமா என்ற விஷயம். பல இடங்களில், பாடப் புத்தகங்களில்கூட, மழை மேகத்தில் துளிகள் பெருத்துவிடுவதால் அவை ஒளியை உறிஞ்சிக் கறுப்பாகின்றன என்று எழுதியிருக்கும். நடப்பது இதற்கு நேர்மாறு. ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள மழைத்துளி ஒன்றில் 10 மைக்ரான் மேகத்துளிகள் பத்து லட்சம் அடங்கியிருக்கின்றன. அவ்வளவும் ஒன்றாகச் சேர்ந்தபின், ஒளியை மறிக்கும் மொத்தப் பரப்பு நூறில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. முன்பு 1,500 ஆக இருந்த τ, எல்லா நீரும் மழைத்துளியாக மாறிவிட்டால் 15-ஆகிவிடும், கீழே வரும் ஒளி பாதிக்கும் அருகே போய்விடும். உண்மையில் எல்லாமே ஒரேயடியாக மாறுவதில்லை, மேலே புதுத் துளிகள் உருவாகிக்கொண்டே இருக்கும். ஆனாலும் மழை கொட்டத் தொடங்கிய பிறகு வானம் முன்பைவிடச் சற்று வெளுத்திருப்பதைப் பலரும் கவனித்திருப்பீர்கள். மேகம் அதிகம் இருண்டிருப்பது நீர் இன்னும் நுண்துளிகளாக இருக்கும்போது, அதாவது மழைக்குச் சற்று முன்.

இதன் மறுபக்கமும் உண்டு: மேகம் நன்றாகக் கறுத்தும் மழை பெய்யாமல் போகலாம். ஒரே அளவு நீரை எட்டு மடங்கு துளிகளுக்குப் பங்குபோட்டால் ஒவ்வொன்றின் ஆரமும் பாதியாகும், τ இரட்டிக்கும். ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ஷான் டூமி என்ற வளிமண்டல அறிஞர் 1970-களில் விளக்கிக் காட்டியது இதுதான். தூசியும் புகையும் நிறைந்த காற்றில் நீராவி ஒட்டிக்கொள்ள ஏராளமான நுண்துகள்கள் கிடைப்பதால், சுத்தமான கடல்காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 100 அளவில் இருக்கும் துளிகள், நிலப்பகுதிகளில் பல நூறாக, சில சமயம் ஆயிரமாகிவிடும். கடலில் கப்பல்கள் போன தடத்தில் புகை கலந்த தாழ்மேகம் மட்டும் கோடுபோட்டதுபோல் பிரகாசமாவதை 1960-களிலேயே செயற்கைக்கோள் படங்களில் பார்த்துவிட்டார்கள். உச்சி கூடுதல் வெள்ளை என்றால் அடி கூடுதல் கறுப்பு. அதே சமயம், துளியின் ஆரம் சுமார் 20 மைக்ரானை எட்டினால்தான் ஒன்றோடொன்று மோதி, ஒட்டி, வளர்வது வேகம் பிடிக்கும். சின்னத் துளிகள் காற்றின் போக்கில் ஒன்றையொன்று சுற்றி விலகிப்போய்விடுகின்றன. அதிக உயரம் போகாத, பனி உருவாகாத மேகத்தில் இது மழையைத் தாமதப்படுத்தும் அல்லது இல்லாமலே செய்துவிடும்.

சென்னையில் வானிலைத் துறையின் ரேடார் படத்தை வைத்து இதை நேரடியாகவே ஒப்பிடலாம். அந்த ரேடாரின் அலைநீளம் சுமார் 10 சென்டிமீட்டர். அதற்கு 20 மைக்ரான் துளி இருப்பதே தெரியாது; துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து திரும்பும் அலை 64 மடங்காகும் என்பதால், அது பார்ப்பதெல்லாம் மழைத்துளிகளைத்தான். ஜன்னலில் வானம் கறுத்து, ரேடாரில் உங்கள் பகுதி காலியாக இருந்தால், மேகம் தடிமனாக இருக்கிறது, மழை இன்னும் உருவாகவில்லை என்று பொருள். இரண்டிலும் இருந்தால் துணியை எடுத்துவிடுங்கள்.

ரேடார் கையில் இல்லாதபோது நிறத்தை விட்டுவிட்டு மேகத்தின் அடிக்கோட்டைப் பாருங்கள். கோடு கத்தரித்தாற்போல் தெளிவாக இருந்து, அதற்குக் கீழே தூரத்து மரங்களும் கட்டடங்களும் தெரிந்தால், எவ்வளவு கறுத்திருந்தாலும் அந்த இடத்தில் மழை தரையைத் தொடவில்லை. அடியிலிருந்து சாய்வான இழைகள் தொங்கி நடுவழியில் மறைந்தால், மழை விழுகிறது, ஆனால் வறண்ட காற்றில் தரைக்கு வருமுன்னே ஆவியாகிறது. அடிக்கோடே அழிந்து, மேகத்துக்கும் அடிவானத்துக்கும் நடுவே வெளிர்சாம்பல் திரை ஒன்று விழுந்திருந்தால், பின்னாலிருக்கும் கட்டடங்கள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கினால், மழை அங்கே பெய்துகொண்டிருக்கிறது. கவனித்துப் பாருங்கள், அந்தத் திரை மேகத்தின் மற்ற அடிப்பகுதியைவிட வெளுப்பாகவே இருக்கும்.